மூன்றேகால் வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடுமா?

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் அந்தச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே மாதக் கணக்கு எழுதித் தருவது என் வேலை. மதியக் கூட்டம் ஓய்ந்த ஒரு நாள், கடைக்கார அண்ணன் பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் போட்ட கணக்கை என் முன்னால் தள்ளினார்.

"தம்பி, மேல்மாடி காலியாகுது. அஞ்சு வருஷத்துக்குத் தர்றேங்கிறாங்க. 130,000 வெள்ளி போட்டு ஏசி, தரை, தடுப்பு, புகைக்குழாய், சாப்பாடு ஏத்துற லிஃப்ட் எல்லாம் செஞ்சா நல்ல ஹால் ஆயிடும். வாடகை, சம்பளம் எல்லாம் போக வருஷம் 40,000 நிக்கும். மூணேகால் வருஷத்துல போட்டது வந்துடும். சரிதானே?"

வகுத்தல் சரிதான். 130,000-ஐ 40,000-ஆல் வகுத்தால் 3.25, அதாவது 3 ஆண்டு 3 மாதம். இதைத்தான் ஆங்கிலத்தில் பேபேக் பீரியட் என்கிறார்கள். தமிழில் மீட்புக் காலம் என்று சொல்லலாம். கையை விட்டுப் போன பணம் திரும்பக் கைக்கு வர எத்தனை காலம் ஆகும் என்பதுதான் அது சொல்லும் ஒரே செய்தி. வியாபாரம் செய்கிற யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தானாகவே வாயில் வரும் கேள்வி அது.

அண்ணனிடம் இன்னொரு யோசனையும் இருந்தது. அவர் கடையின் தோசை மாவுக்கு நல்ல பெயர். உட்லண்ட்ஸ் பக்கம் உணவுத் தொழிற்கட்டடம் ஒன்றில் சின்ன இடம் எடுத்து, பெரிய கிரைண்டர், பாக்கெட் போடும் இயந்திரம், குளிர் அறை வைத்து, மாவைக் கடைகளுக்கும் பேரங்காடிகளுக்கும் போடலாம் என்று நினைத்தார். அதற்கும் 130,000 வெள்ளிதான். ஆனால் அங்கே வரவு மெதுவாகத்தான் ஏறும். சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் வாங்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி மாவுக்கு இடம் பிடிக்க வேண்டும். அவர் கணக்கில் முதல் ஆண்டு 10,000, அடுத்து 20,000, பிறகு 30,000, நான்காம் ஆண்டு 40,000, ஐந்திலிருந்து எட்டாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 45,000. எட்டாம் ஆண்டு முடிவில் இயந்திரங்களை விற்றுக் கிடைப்பது இடத்தைக் காலி செய்யும் செலவுக்குச் சரியாகிவிடும் என்று வைத்திருந்தார்.

வரவு ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது வகுக்க முடியாது. கூட்டிக்கொண்டே போக வேண்டும். 10,000, 30,000, 60,000, 100,000 என்று நான்கு ஆண்டு போகிறது. இன்னும் 30,000 பாக்கி. ஐந்தாம் ஆண்டில் வருவது 45,000. பாக்கியை அடைக்க அந்த ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆக 4 ஆண்டு 8 மாதம்.

"ஹால் மூணேகால் வருஷம், மாவு ஏறக்குறைய அஞ்சு வருஷம். ஹால்தான்," என்றார் அண்ணன்.

அவர் எழுதியிருந்த 40,000-ஐ முதலில் கொஞ்சம் சரிபார்க்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கு முழுவதும் ரொக்கத்தைப் பற்றியது. கல்லாவுக்குள் வந்ததும் கல்லாவை விட்டுப் போனதும் மட்டும்தான். லாப நட்டக் கணக்கில் நாங்கள் போடும் தேய்மானம் இங்கே வராது. தேய்மானம் என்பது அன்றைக்குக் கொடுத்த 130,000-ஐப் பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவது. முதல் நாளே முழுப்பணத்தையும் செலவாகக் காட்டிவிட்டு, பிறகு ஆண்டுதோறும் தேய்மானத்தையும் கழித்தால் ஒரே வெள்ளியை இரண்டு முறை கொடுத்ததாக ஆகிவிடும். அதே நேரம், புதிதாக எடுக்கும் ஆட்களின் செலவை முழுதாகக் கழிக்க வேண்டும். சம்பளத்தை மட்டும் எழுதிவிட்டு, உள்ளூர் ஊழியருக்கு முதலாளி கட்டும் மத்திய சேமநிதியையும் வெளிநாட்டு ஊழியருக்கான தீர்வையையும் விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அண்ணன் விடவில்லை. 40,000 நியாயமான எண்ணாகவே இருந்தது. வருமான வரியை மட்டும் இந்தக் கட்டுரையில் நான் ஒதுக்கி வைக்கிறேன். அதையும் சேர்த்தால் எண்கள் மாறும், சொல்ல வரும் விஷயம் மாறாது.

இப்போது அந்த மூன்றேகால் வருஷம் எதைப் பார்க்கவில்லை என்று பார்ப்போம். முதலில், காலம்.

மூன்றாம் ஆண்டு வரப்போகும் 40,000-ஐயும் இன்று கையில் இருக்கும் 40,000-ஐயும் அது ஒன்றாக நினைக்கிறது. ஊரில் ஏலச்சீட்டு கட்டியவர்களுக்கு இது எவ்வளவு தவறு என்று உடனே தெரியும். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் அவசரம் உள்ளவர் முதல் மாதங்களிலேயே தள்ளிக் கேட்டு எழுபத்தைந்தாயிரத்துக்கு எடுத்துக்கொண்டு போவார். காத்திருப்பவர் கடைசியில் ஏறக்குறைய முழுப்பணத்தையும் வாங்குவார். முன்னால் வேண்டுமென்றால் குறைத்துத்தான் எடுக்க முடியும் என்பதைச் சீட்டு நடத்துபவரும் கட்டுபவரும் ஒத்துக்கொள்கிறார்கள். எதிர்காலப் பணத்தை இன்றைய கணக்குக்குக் கொண்டுவரும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம்: தள்ளிக் கழிக்கிறோம். துணிக்கடைத் தள்ளுபடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது காத்திருப்புக்கான கழிவு.

எவ்வளவு கழிப்பது? இன்று 100 வெள்ளியை 8% வட்டிக்கு விட்டால் ஓராண்டில் 108 ஆகும். அப்படியானால் ஓராண்டு கழித்து வரும் 108 வெள்ளியின் இன்றைய மதிப்பு 100. வட்டிக் கணக்கைத் திருப்பிப் போட்டதுதான் இது, 1.08-ஆல் பெருக்குவதற்குப் பதிலாக வகுக்கிறோம். இரண்டு ஆண்டு கழித்து வருவதை இரண்டு முறை, மூன்று ஆண்டு என்றால் மூன்று முறை வகுக்க வேண்டும். எக்செல்லில் மூன்றாம் ஆண்டு வரும் 40,000-க்கு இப்படி அடிக்கலாம்:

```
=40000/1.08^3
```

விடை 31,753. ஹாலின் ஐந்து ஆண்டு வரவையும் இப்படி வகுத்தால் வரிசையாக 37,037, 34,294, 31,753, 29,401, 27,223 என்று வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதே மேசை, அதே சாப்பாடு, அதே 40,000. ஆனால் இன்றிலிருந்து தள்ளிப் போகப் போக அதன் எடை குறைந்துகொண்டே போகிறது. இந்தக் குறைந்த எண்களைக் கூட்டினால் மூன்று ஆண்டில் 103,084 தான் சேர்கிறது. பாக்கி 26,916. நான்காம் ஆண்டின் 29,401-இல் அது பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்று அதிகம். எனவே 3 ஆண்டு 11 மாதம். இதுதான் டிஸ்கவுண்டட் பேபேக். தள்ளுபடி மீட்புக் காலம் என்று வைத்துக்கொள்வோம். மாவுத் திட்டத்துக்கு இதே வேலையைச் செய்தால் 4 ஆண்டு 8 மாதம் என்பது 5 ஆண்டு 8 மாதம் ஆகிறது.

தள்ளுபடி செய்த காலம் எப்போதும் சாதா மீட்புக் காலத்தை விட நீளமாகத்தான் இருக்கும். வரவு பின்னால் குவிந்திருக்கும் திட்டத்தில் அது இன்னும் நீளும். ஹாலுக்கு 8 மாதம் கூடியது. மாவுக்கு ஓராண்டு கூடியது. அதே கணக்கை யாராவது போட்டுக் காட்டி, தள்ளுபடி செய்த காலம் குறைவாக இருந்தால் எங்கோ பிழை இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம்.

8% எங்கிருந்து வந்தது என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. அவருக்குக் கடன் தர முன்வந்த வங்கி கேட்ட வட்டி அது. வேறு ஒருவருக்கு வேறு எண் வரும். ஒன்று மட்டும் நினைவில் இருக்க வேண்டும்: அந்தப் பணத்துக்கு வேறு எங்கே என்ன கிடைக்கும், அல்லது அதைப் புரட்ட என்ன கொடுக்க வேண்டும் என்பதை அந்த எண் காட்ட வேண்டும். மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கிலேயே, எந்தக் கவலையும் இல்லாமல், 2.5% வட்டி சேர்வதை நாம் பார்க்கிறோம். அடுப்பும் ஆளும் வாடகையும் கலந்த ஒரு தொழிலில் போடும் பணத்துக்கு அதே 2.5% வைத்துக் கணக்குப் போட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

இங்கே அண்ணன் ஒரு வேலை செய்தார். அதைச் சொல்லாமல் போனால் படிப்பவர்களில் பாதிப் பேர் அதே இடத்தில் விழுவார்கள். 40,000-இலிருந்து வங்கித் தவணையைக் கழித்துவிட்டு, மீதியை 1.08-ஆல் வகுக்கத் தொடங்கினார். வட்டியின் சுமை 8%-க்குள் ஏற்கெனவே இருக்கிறது. அசலின் சுமை முதலில் எழுதிய 130,000-இல் இருக்கிறது. தவணையையும் கழித்தால் இரண்டும் இன்னொரு முறை விழும். நல்ல திட்டம்கூட அப்போது மோசமாகத் தெரியும். தவணைக்கு ஓர் இடம் உண்டு, அது வேறு கணக்கு, பின்னால் வருகிறேன்.

சரி, காலத்தின் விலையைச் சேர்த்தாகிவிட்டது. ஹால் 3 ஆண்டு 11 மாதம். ஒப்பந்தம் 5 ஆண்டு. கையில் இன்னும் ஓராண்டுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் பலரும் பேனாவை மூடிவிடுவார்கள். நான் வாடகை ஒப்பந்தத்தின் வரைவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

சிங்கப்பூரில் கடைக்கு இடம் எடுத்தவர்களுக்கு ரீஇன்ஸ்டேட்மென்ட் என்ற சொல் தெரிந்திருக்கும். ஒப்பந்தம் முடியும்போது இடத்தை எப்படி வாங்கினோமோ அப்படியே ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை அது. வாடகைக்காரர் செய்ய வேண்டியவை என்று நீளமாகப் போகும் பகுதிக்குள் இரண்டு மூன்று வரியில் இருக்கும். அந்த இரண்டு வரிக்கு என்ன பொருள் என்றால், நாம் போட்ட தரை ஓடுகளைப் பெயர்க்க வேண்டும், தடுப்புச் சுவரை இடிக்க வேண்டும், பொய்க்கூரையைக் கழற்ற வேண்டும், ஏசிக் குழாயையும் புகைக்குழாயையும் எடுத்துவிட்டுத் துளைகளை அடைக்க வேண்டும், லிஃப்டுக்காக வெட்டிய தளத்தை மூட வேண்டும், மின்கம்பிகளை உருவ வேண்டும், குப்பையை லாரியில் ஏற்ற வேண்டும், கடைசியில் பெயிண்ட் அடிக்க வேண்டும். செய்யாமல் போனால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். லிட்டில் இந்தியா 1989-இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது; அங்கே பழைய கடைவீட்டில் கைவைப்பதென்றால் நினைத்தபடி இடித்துக் கட்டிவிட முடியாது.

ஒப்பந்தக்காரர் ஒருவரை வரச் சொல்லி விலை கேட்டோம். 50,000 வெள்ளி என்றார். ஐந்தாம் ஆண்டு முடிவில் கல்லாவை விட்டுப் போகப்போகும் பணம் அது.

இப்போது அண்ணனின் இரண்டு எண்களையும் திரும்பிப் பாருங்கள். 3 ஆண்டு 3 மாதம் மாறவில்லை. 3 ஆண்டு 11 மாதமும் மாறவில்லை. இரண்டு கணக்குமே போட்ட பணம் வந்து சேர்ந்த இடத்தில் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டு எழுந்து போய்விடுகின்றன. கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் அவற்றுக்குத் தெரியாது. 50,000 வெள்ளிச் செலவு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அதைச் சேர்த்துக் கணக்குப் போடுவோம். ஐந்து ஆண்டு வரவின் இன்றைய மதிப்பு 159,708. அதில் முதலில் போட்ட 130,000-ஐக் கழித்தால் 29,708 நிற்கிறது. ஐந்தாம் ஆண்டு முடிவில் போகும் 50,000-இன் இன்றைய மதிப்பு 34,029. அதையும் கழித்தால் 4,321 வெள்ளி நட்டம். இப்படி எல்லா வரவு செலவையும், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டிக் கழித்துக் கிடைப்பதை நிகர இன்றைய மதிப்பு என்பார்கள். எக்செல்லில் ஒரே வரியில் வரும்:

```
=NPV(8%,40000,40000,40000,40000,-10000)-130000
```

ஐந்தாம் ஆண்டில் 40,000 வந்து 50,000 போவதால் அங்கே -10000. முதலீட்டை அடைப்புக்குறிக்கு வெளியே வைத்திருப்பதைக் கவனியுங்கள். இந்த ஃபார்முலா உள்ளே கொடுக்கும் முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். 130,000-ஐ உள்ளே வைத்தால் இன்று கொடுக்கும் பணத்தையும் அது ஓராண்டு தள்ளிவிடும்.

அண்ணனுக்கு இது சட்டென்று மனதில் ஏறவில்லை. "மொத்தம் 200,000 வருது. போட்டது 130,000, உடைக்க 50,000. இன்னும் 20,000 கையில நிக்குதே?" என்றார். நிற்கிறது, உண்மைதான். ஆனால் 130,000 வெள்ளியை ஐந்து ஆண்டு கட்டிப்போட்டதற்கு அந்த 20,000 போதாது. 8% வட்டிக்கே அது பற்றவில்லை. வட்டி 6% என்றால் இதே ஹால் 1,132 வெள்ளி லாபம் காட்டுகிறது. அவ்வளவு ஓரத்தில் நிற்கும் திட்டம் இது. தள்ளுபடி மீட்புக் காலமோ 6%-இல் 3 ஆண்டு 9 மாதம், 8%-இல் 3 ஆண்டு 11 மாதம். இரண்டு மாதம் நகர்ந்ததாகக் காட்டுகிறதே தவிர, திட்டம் லாபத்திலிருந்து நட்டத்துக்குச் சாய்ந்ததைச் சொல்லவில்லை.

தள்ளுபடி செய்த காலம் திட்டத்தின் ஆயுளுக்குள் வந்துவிட்டால் அது லாபம்தான் என்று பாடப்புத்தகத்தில் ஒரு விதி உண்டு. அந்த விதி பொய்யல்ல. முதலில் செலவு, பிறகு கடைசி வரை வரவு மட்டுமே என்ற திட்டங்களுக்கு அது அப்படியே பொருந்தும். கடைசியில் பெரிய செலவு வரும் திட்டத்துக்கு அது பொருந்தாது. இங்கே வாடகை இடத்தில் செய்யும் வேலை ஏறக்குறைய எல்லாமே இரண்டாவது வகை. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மாவுப் பக்கம் வருவோம். அங்கே கோட்டுக்கு அப்பால் இருப்பது செலவு அல்ல, வரவு. சாதா மீட்புக் காலம் 4 ஆண்டு 8 மாதத்தில் கோட்டைக் கிழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு மேல் வரும் 45,000-கள் எல்லாம் அதற்கு இல்லாதவைதான். எட்டு ஆண்டு வரவையும் 8%-இல் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 189,175. போட்டதைக் கழித்தால் 59,175 வெள்ளி மிச்சம். இரண்டு மீட்புக் காலங்களும் ஒரே குரலில் ஹால்தான் என்று சொன்ன இடத்தில், முழுக் கணக்கு மாவு என்கிறது. அதுவும் நூலிழையில் அல்ல.

"ஆறாவது வருஷம், ஏழாவது வருஷமெல்லாம் யாருக்குத் தெரியும் தம்பி? இன்னொருத்தன் மாவு போட ஆரம்பிச்சா?" என்று கேட்டார். மீட்புக் காலத்தைப் பிடித்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் நியாயம் இது. அதில் உண்மையும் இருக்கிறது. தூரத்து எண்களை நம்புவது கடினம். ஆனால் நம்பிக்கை குறைவு என்றால் எண்ணைக் குறைத்துப் பார்க்கலாமே, பூஜ்யம் என்று எதற்கு வைக்க வேண்டும்? ஆறாம் ஆண்டிலிருந்து போட்டி வந்து வரவு 25,000-ஆக விழுந்துவிட்டது என்று வைத்துப் பார்த்தோம். அப்போதும் 24,097 வெள்ளி மிஞ்சியது.

அதே நேரம் அந்த 5 ஆண்டு 8 மாதம் என்ற எண்ணுக்கு இங்கே ஒரு நல்ல பயன் கிடைத்தது. அதை வேறு விதமாகப் படித்துப் பாருங்கள்: இப்போதைய கணக்குப்படி, மாவுத் தொழில் 5 ஆண்டு 8 மாதம் உயிரோடு இருந்தால் வட்டியோடு சரிக்குச் சரி, அதற்குள் மூடிவிட்டால் நட்டம். ஐந்து ஆண்டிலேயே இழுத்து மூட நேர்ந்தால் இன்றைய மதிப்பில் 19,752 வெள்ளி போய்விடும். அப்படியென்றால் அண்ணன் கேட்க வேண்டிய கேள்வி, அந்தத் தொழிற்கட்டடத்தில் ஆறு ஆண்டுக்காவது இடம் உறுதியாகக் கிடைக்குமா என்பது. மூன்று ஆண்டு ஒப்பந்தம்தான், புதுப்பிப்பது உரிமையாளர் விருப்பம் என்றால் எட்டாண்டு எண்கள் எல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும். தள்ளுபடி மீட்புக் காலத்தை ஒப்பந்தக் காலத்தோடு ஒட்டி வைத்துப் பார்ப்பதுதான் அதை உருப்படியாகப் பயன்படுத்தும் வழி என்பது என் எண்ணம். வாகனம் வாங்குகிறவர்களுக்குச் சிஓஇ-யின் 10 ஆண்டு அப்படி ஓர் எல்லை.

சாதா மீட்புக் காலத்தைத் தூக்கி எறியச் சொல்கிறேனா என்றால், இல்லை. அண்ணன் அதைக் கேட்டதற்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. பெரிய நிறுவனத்துக்கு இல்லாத பயம்: மாதக் கடைசியில் கல்லாவில் பணம் இருக்குமா? 130,000-ஐ 8% வட்டியில் ஐந்து ஆண்டுக் கடனாக எடுத்தால் ஆண்டுத் தவணை சுமார் 31,600 வெள்ளி. மாவில் முதல் ஆண்டு வருவது 10,000. ஆக முதல் ஆண்டு 21,600, இரண்டாம் ஆண்டு 11,600, மூன்றாம் ஆண்டு 1,600 என்று ஏறக்குறைய 35,000 வெள்ளியைக் கீழே நடக்கும் கடையிலிருந்து எடுத்துப் போட வேண்டும். ஹாலுக்கு இந்த இழுபறி முதல் நாளிலிருந்தே இல்லை. எட்டாம் ஆண்டில் 59,175 மிஞ்சும் என்ற எண், இரண்டாம் ஆண்டில் சம்பளம் கொடுக்க முடியாமல் நிற்கும் கடைக்கு உதவாது.

ஆனால் கவனியுங்கள், இந்தப் பள்ளத்தை மீட்புக் காலமும் நேராகச் சொல்லவில்லை. 4 ஆண்டு 8 மாதம் என்ற எண்ணைப் பார்த்து முதல் ஆண்டில் 21,600 குறையும் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. முதல் நான்கு ஆண்டும் சீராக 25,000 வந்து, ஐந்தாம் ஆண்டு 45,000 வந்தாலும் இதே 4 ஆண்டு 8 மாதம்தான் வரும். பள்ளம் மட்டும் வேறாக இருக்கும். பயம் ரொக்கத்தைப் பற்றியது என்றால் ரொக்கத்தைத்தான் எழுதிப் பார்க்க வேண்டும்: மாதவாரியாக, வரவு, தவணை, மீதி. நான் முன்னால் ஒதுக்கி வைத்த தவணைக்கு இதுதான் இடம். நாங்கள் ஒரு மாலை உட்கார்ந்து 36 மாதத்துக்கு எழுதினோம். கீழ்க்கடையின் வரவும் சேமிப்பும் அந்த 35,000-ஐத் தாங்கும் என்று தெரிந்தது, தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும் இறுக்கமாக இருக்கும் என்பதோடு.

மாவுக்கு ஆறு ஆண்டு, அதன் பிறகு தன் விருப்பத்தில் இரண்டு ஆண்டு நீட்டித்துக்கொள்ளும் உரிமை என்று கேட்டு அண்ணன் இடம் பேசினார், கிடைத்தது. மேல்மாடியை அவர் விட்டுவிடவும் இல்லை. கட்டட உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம்: தரையையும் ஏசியையும் மின் வேலையையும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறோம், அடுத்து வருபவருக்கு உபயோகமாக இருக்கும், அவற்றை மட்டும் ரீஇன்ஸ்டேட்மென்ட்டிலிருந்து நீக்கிக்கொள்ளுங்கள் என்று. மூன்று வாரம் கழித்துச் சரி என்று பதில் வந்தது. லிஃப்டுக்கான வெட்டை மூடுவதும் புகைக்குழாயை எடுப்பதும் மட்டும் எங்கள் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் புதிதாகக் கொடுத்த விலை 20,000 வெள்ளி.

அன்றைக்கு ஃபார்முலாவில் கடைசி எண்ணை -10000-இலிருந்து 20000-ஆக மாற்றினேன். 4,321 நட்டம் என்றிருந்தது 16,097 லாபமாக மாறியது. அண்ணன் தன் பழைய பில் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதில் இன்னும் 3 ஆண்டு 3 மாதம் என்றே இருந்தது. நான் அதன் கீழே எழுதியிருந்த 3 ஆண்டு 11 மாதமும் அப்படியே இருந்தது. ஒரு நாள்கூடக் கூடவோ குறையவோ இல்லை.